தண்ணி எந்தப் பக்கம் போகும்? உயரக் கட்டங்களை வைத்து நீர்வடிப்பகுதி வரையும் பாடம்



நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு மலையடிவார ஊரில் 2023-ஆம் ஆண்டு ஓடையில் தடுப்பணை கட்டுவது பற்றிப் பேச்சு எழுந்தது. அந்த ஓடையை நம்பி மூன்று குழுக்களின் குடும்பங்கள் விவசாயம் பார்க்கின்றன. அணை எங்கே, எவ்வளவு பெரிதாக, யார் யார் நிலம் அந்தப் பட்டியலில் வரும் என்பதெல்லாம் ஒரே ஒரு வரைபடத்தை வைத்து முடிவாகும் என்று சொன்னார்கள். வரைபடமும் வந்தது. அணை கட்டும் இடத்துக்கு 14 ஏக்கர் நிலத்திலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று அதில் போட்டிருந்தது.

குழுக் கூட்டத்தில் அதைப் படித்ததும் ஒரு மூத்த உறுப்பினர் சிரித்துவிட்டார். "பதினாலு ஏக்கர் தண்ணியா? ஐப்பசியில அந்த ஓடையில முழங்காலுக்கு மேல தண்ணி போகுது. மாட்டை இழுத்துட்டுப் போயிருக்கு. யாரு தாயி இதை வரைஞ்சது?" என்று கேட்டார்.

வரைந்தது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. ஆனால் அதனிடம் கேட்ட கேள்வி தப்பு. அது எப்படி என்று அன்று நாங்கள் உட்கார்ந்து படித்ததைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம்.

நீர்வடிப்பகுதி என்றால் என்ன?

ஓடையில் ஓர் இடத்தில் நின்றுகொள்ளுங்கள். எந்தெந்த நிலத்தில் விழும் மழை வழிந்து, கடைசியில் நம் காலடியைத் தாண்டிப் போகிறதோ, அந்த நிலம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடத்தின் நீர்வடிப்பகுதி. அதன் எல்லை தண்ணீர் இரண்டாகப் பிரியும் மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த மழை நமக்கு வரும். அந்தப் பக்கம் விழுந்த மழை அடுத்த ஓடைக்குப் போகும். ஊராட்சி எல்லைக்கும் பட்டா எல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். நாம் நிற்கும் இடம் மாறினால் நீர்வடிப்பகுதியும் மாறும். ஓடையில் கீழே போகப் போக அது பெரிதாகும். ஆகவே "இந்த ஊரின் நீர்வடிப்பகுதி எது?" என்று கேட்டால் பதில் இல்லை. "இந்த இடத்துக்கு எது?" என்றுதான் கேட்க வேண்டும்.

உயரக் கட்டம்

கம்ப்யூட்டருக்கு மலை தெரியாது, ஓடை தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு கட்டத்தாள் மட்டும்தான். ஊரைச் சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதியிருக்கும். அந்த எண், கடல் மட்டத்துக்கு மேல் அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பது. இப்படிக் கட்டங்களாக உள்ள தகவலைத்தான் ராஸ்டர் என்கிறார்கள்.

இந்த உயரத்தை யார் அளந்தது? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க விண்வெளி ஓடம் ஒன்று 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரால் அளந்தது. அந்தத் தகவலுக்கு எஸ்.ஆர்.டி.எம். என்று பெயர். அதற்குப் பின் ஜெர்மனியின் செயற்கைக்கோள்கள் அளந்ததை வைத்து வந்தது கோபர்னிகஸ் தகவல். நம் நாட்டின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்த கார்ட்டோடெம் தகவல் புவன் இணையதளத்தில் இருக்கிறது. மூன்றிலும் ஏறக்குறைய 30 மீட்டர் கட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். நாலரைக் கட்டம் சேர்ந்தால் ஓர் ஏக்கர்.

22 சென்ட் நிலம் முழுவதற்கும் ஒரே ஓர் எண்தான். அதற்குள் இருக்கும் வரப்பு, வாய்க்கால், கிணறு எதுவும் அந்த எண்ணில் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கையால் போட்டுப் பார்ப்போமா?

கம்ப்யூட்டர் செய்வதை நாமே தாளில் செய்யலாம். கீழே 25 கட்டங்கள் உள்ளன. மேல் பக்கம் வடக்கு. எண்கள் மீட்டரில் உயரம்.

```
96  95  94  97  95
95  92  91  96  93
94  90  88  94  91
93  89  86  92  89
92  88  84  91  87
```

நடு வரிசையை மேலிருந்து கீழே பாருங்கள்: 94, 91, 88, 86, 84. இறங்கிக்கொண்டே போகிறது. அதுதான் பள்ளம். இடமிருந்து நான்காவது வரிசை: 97, 96, 94, 92, 91. அது இரு பக்கத்தையும்விட உயரம். அதுதான் தண்ணீர் பிரியும் மேடு.

இப்போது விதி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டுக் கட்டம் உண்டு. அதில் எந்தப் பக்கம் இறக்கம் மிகவும் செங்குத்தோ, அந்தப் பக்கம் தன் தண்ணீர் முழுவதையும் தள்ளிவிடும். மூலைவாட்டில் போகும் தூரம் கொஞ்சம் அதிகம் அல்லவா? அதனால் மூலைப் பக்க இறக்கத்தை மட்டும் 1.4-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கட்டத்தைச் செய்து காட்டுகிறோம். இரண்டாவது வரியில் இரண்டாவதாக உள்ள 92-ஐ எடுங்கள். அதற்கு நேர் கீழே 90, இறக்கம் 2. வலப்பக்கம் 91, இறக்கம் 1. வலது கீழ் மூலையில் 88, இறக்கம் 4, அதை 1.4-ஆல் வகுத்தால் சுமார் 2.9. மற்ற பக்கம் எல்லாம் மேடு. ஆகவே தண்ணீர் மூலைவாட்டில் 88-க்குப் போகும். அங்கே ஓர் அம்புக்குறி போடுங்கள். இப்படியே 25 கட்டத்துக்கும் அம்பு போட்டால் பாதி வேலை முடிந்தது.

மறு பாதி, சேர்மானக் கணக்கு. இது நம் குழுச் சேமிப்பு மாதிரிதான். ஒவ்வொரு கட்டமும் தன் பங்காக 1 ரூபாய் போடுகிறது என்று வையுங்கள். மேலேயிருந்து வந்த பணத்தையும் தன் ஒரு ரூபாயையும் சேர்த்து, அம்பு காட்டும் கட்டத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் கையிலும் எவ்வளவு சேர்ந்தது என்று எழுதினால் இப்படி வரும்.

```
1   1   1   1   1
1   3   3   1   2
1   3   9   1   3
1   2  14   1   4
1   2  20   1   5
```

நடு வரிசையின் கடைசிக் கட்டத்தில் 20. அதாவது 20 கட்டத்தின் தண்ணீர் அங்கே வருகிறது. 20 கட்டம் என்றால் 18,000 சதுர மீட்டர், சுமார் நாலரை ஏக்கர். வலது ஓர வரிசையின் 5 கட்டமும் தனியாக வேறு பக்கம் போய்விட்டன. நடுவில் மேடு இருக்கிறதே! 20-ம் 5-ம் சேர்ந்தால் 25. கணக்கு சரியாக இருக்கிறது.

எண் பெரிதாகும் கட்டங்களைக் கோடாக இணைத்தால் ஓடை வந்துவிடும். 20-இலிருந்து அம்புக்கு எதிராக மேலே ஏறிப் போய், வந்து சேரும் கட்டங்களை எல்லாம் வண்ணம் தீட்டினால் நீர்வடிப்பகுதி வந்துவிடும். கம்ப்யூட்டர் செய்வதும் இவ்வளவுதான். நாம் 25 கட்டத்துக்குச் செய்வதை அது பல லட்சம் கட்டத்துக்குச் சில நிமிடத்தில் செய்கிறது.

ஓடை எங்கே தொடங்குகிறது?

மேலே உள்ள தாளில் ஓடை எத்தனை கட்டம்? "9-ஓ அதற்கு மேலோ சேர்ந்தால் ஓடை" என்று நாம் முடிவு செய்தால் 9, 14, 20 என்று மூன்று கட்டம். "3 சேர்ந்தாலே ஓடை" என்றால் கிளை கிளையாக இன்னும் பல கட்டம். ஆக, ஓடை எங்கே தொடங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கவில்லை. நாம் சொல்லும் எண்ணை வைத்து அது கோடு போடுகிறது.

அந்த மலையடிவார ஊருக்கு முதலில் 100 கட்டம், அதாவது சுமார் 22 ஏக்கர் என்று கொடுத்திருந்தார்கள். பெரிய ஓடை மட்டும் வந்தது. "கோயில் பின்னால ஒரு சின்ன ஓடை வருமே, அது எங்கே?" என்று பெண்கள் கேட்டார்கள். 10 கட்டம் என்று மாற்றியதும் வயல் முழுக்கக் கோடு கோடாக வந்தது. "இங்கெல்லாம் ஓடையே கிடையாது" என்றார்கள். 50 கட்டம், சுமார் 11 ஏக்கர் என்று வைத்தபோதுதான் அவர்கள் காலால் தாண்டிப் போகிற ஓடைகள் மட்டும் வந்தன. இந்த எண் அந்த ஊருக்கு மட்டும்தான். பாறை நிலத்தில் சீக்கிரம் ஓடை தொடங்கும். மணல் நிலத்தில் தண்ணீர் இறங்கிவிடுவதால் தாமதமாகத் தொடங்கும். உங்கள் ஊருக்கு உங்கள் கால்தான் சாட்சி.

பதினாலு ஏக்கர் எப்படி வந்தது?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். மறுபடி நம் தாளைப் பாருங்கள். கடைசி வரியில் 20 என்று இருக்கும் கட்டத்துக்கு இடப்பக்கம் 2 என்று இருக்கிறது. அணை கட்டும் இடம் என்று 20-ஐத் தொடுவதற்குப் பதில் ஒரு கட்டம் தள்ளி 2-ஐத் தொட்டால் என்ன ஆகும்? நாலரை ஏக்கர் வர வேண்டிய இடத்தில் 44 சென்ட் வரும்!

அந்த ஊரில் நடந்ததும் இதுதான். அணை கட்டும் இடத்தில் நின்று செல்போனில் இடக்குறி எடுத்திருந்தார்கள். மரத்தடியில் நின்றதால் அது சில மீட்டர் தள்ளிக் காட்டியது. போதாததற்கு, கட்டத்தாளில் விழும் ஓடைக்கோடே உண்மையான ஓடையிலிருந்து ஒன்றிரண்டு கட்டம் விலகி இருப்பது சகஜம். இரண்டும் சேர்ந்து, புள்ளி பெரிய ஓடையில் விழாமல், பக்கத்தில் வந்து சேரும் ஒரு சிறு ஓடையில் விழுந்துவிட்டது. அந்தச் சிறு ஓடைக்கு 63 கட்டம்தான். 63 கட்டத்தை 900-ஆல் பெருக்கினால் 56,700 சதுர மீட்டர், அதாவது 14 ஏக்கர். கம்ப்யூட்டர் சொன்னது சரிதான், அந்தச் சிறு ஓடைக்கு!

ஒரு உறுப்பினரின் மகள் கல்லூரியில் நிலவியல் படித்தவர். அவர்தான் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "அத்தை, பாருங்க, புள்ளி கோட்டுல இல்ல" என்றார். புள்ளியை இரண்டு கட்டம் நகர்த்திப் பெரிய ஓடையின் கோட்டில் வைத்ததும் 944 கட்டம் வந்தது. அது 210 ஏக்கர்.

இதில் ஓர் எச்சரிக்கை. புள்ளியைத் தானாகவே அருகில் உள்ள கோட்டுக்கு நகர்த்தும் வசதியும் மென்பொருளில் உண்டு. இரண்டு ஓடை சேரும் இடத்தில் அது தப்பான ஓடைக்கும் நகர்த்திவிடலாம். ஆகவே புள்ளி வைத்த கட்டத்தில் சேர்மான எண் என்ன என்று படித்துப் பார்க்க வேண்டும். நாம் கண்ணால் பார்த்த ஓடையின் அளவுக்கு அந்த எண் பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும்.

நேர்கோட்டு எல்லை, சந்தேகப்படு!

210 ஏக்கர் என்றதும் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சாலைக்குக் கிழக்கே குடியிருக்கும் மூன்றாவது குழுவினர் படத்தைப் பார்த்து முகம் வாடினார்கள். நீர்வடிப்பகுதியின் கிழக்கு எல்லை புறவழிச் சாலையை ஒட்டியே நேராகப் போயிருந்தது. அவர்கள் நிலம் முழுவதும் வெளியே. வெளியே இருந்தால் பண்ணைக்குட்டைப் பட்டியலிலும் வரப்புப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது.

"எங்க காட்டுத் தண்ணி ரோட்டுப் பாலத்துக்கு அடியில பூந்து இந்த ஓடைக்குத்தானே வருது? மழைக்கு வந்து பாருங்க" என்றார் அந்தக் குழுவின் ஊக்குநர்.

அவர் சொன்னது உண்மை. சாலையை மண் கொட்டி நாலு மீட்டர் உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். அந்த மேடு உயரத் தகவலில் பதிவாகிவிட்டது. ஆனால் மேலேயிருந்து அளக்கும் செயற்கைக்கோளுக்குச் சாலைக்கு அடியில் உள்ள சிறுபாலம் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே ஒரு சுவர் நிற்கிறது. கிழக்கிலிருந்து வந்த தண்ணீரை அது சாலையோரமாகவே தெற்கே திருப்பி, அடுத்த ஊர் ஏரிக்கு அனுப்பிவிட்டது.

மலையும் மேடும் நேர்கோட்டில் போவது அபூர்வம். ஆகவே எல்லை எங்காவது அடித்த கோடு போல நேராக இருந்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சாலையாக இருக்கலாம், ரயில் பாதையாக இருக்கலாம், கால்வாய்க் கரையாக இருக்கலாம். தகவலை வெட்டி எடுத்த ஓரமாகவும் இருக்கலாம். அப்படியானால் அதற்கு அப்பாலும் நிலம் இருக்கிறது, நாம் தாளைச் சிறிதாக வெட்டிவிட்டோம் என்று பொருள். அதனால் தகவல் எடுக்கும்போதே ஊரைச் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

அந்த ஊரில் நாலு பெண்களும் அந்தப் பெண்ணும் சாலையோரமாக நடந்து, மூன்று சிறுபாலங்களைக் குறித்து வந்தார்கள். பாலம் உள்ள கட்டங்களில் மட்டும் உயரத்தைப் பக்கத்து நிலத்துக்குச் சமமாகக் குறைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கிழக்கிலிருந்து 180 கட்டம், அதாவது 40 ஏக்கர் உள்ளே வந்தது. மொத்தம் 1,124 கட்டம், 250 ஏக்கர்.

இந்த வித்தியாசத்தால் என்ன ஆகும்?

ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். 10,000 லிட்டர் லாரியில் நாலு லாரி. 5 சென்டிமீட்டர் மழை என்றால் 20 லாரி. அதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்து ஓடுகிறது, மீதி மண்ணில் இறங்குகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மண்ணையும் சரிவையும் பொறுத்து இது மாறும். ஆக, ஓர் ஏக்கருக்கு நாலு லாரி ஓடைக்கு வருகிறது.

14 ஏக்கருக்கு 56 லாரி. 250 ஏக்கருக்கு 1,000 லாரி! 56 லாரிக்கு என்று வழிந்தோடி வைத்த அணையில் 1,000 லாரித் தண்ணீர் வந்தால் அது பக்கவாட்டில் கரையை அரித்துக்கொண்டு போகும். கீழே உள்ள வயல்தான் மண்மூடும். இரண்டு கட்டம் தள்ளி வைத்த புள்ளியாலும் கணக்கில் வராத சிறுபாலங்களாலும் வரும் வினை இது.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத மற்றவை

மரம்: இந்தத் தகவல்கள் பெரும்பாலும் மரத்தின் உச்சிக்கு அருகில் அளக்கின்றன, மண்ணை அல்ல. ஓடைக்குள் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தாலோ தென்னந்தோப்பு இருந்தாலோ அது மேடு போலப் பதிவாகும். நம் தாளில் 84-க்குப் பதில் மரத்தால் 89 என்று பதிவாகியிருந்தால், மேலே உள்ள 86 சுற்றிலும் மேடு சூழ்ந்த குழியாகிவிடும். தண்ணீருக்குப் போக வழியில்லை. மென்பொருள் அந்தக் குழியை நிரப்பியோ, மிகவும் தாழ்ந்த பக்கம் வழி தேடியோ ஓடையை வெளியே கொண்டுவரும். அந்த வழி உண்மையான வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மட்டமான இடத்தில் கோடுகள் பக்கம் பக்கமாக நேராக ஓடினால் அது நிரப்பியதன் அடையாளம்.

ஏரி: ஏரியும் ஒரு குழிதான். ஆனால் அது உண்மையான குழி. ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகத்தான் வழியும் என்று நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கரையில் எந்தக் கட்டம் தாழ்வாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கே வழியவிடும். கலிங்கு இருக்கும் இடத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.

வரத்து வாய்க்கால்: இரண்டு மீட்டர் அகல வாய்க்கால் 30 மீட்டர் கட்டத்தில் தெரியாது. சரிவுக்குக் குறுக்கே வெட்டி, வேறு ஓடையின் தண்ணீரை நம் ஏரிக்குக் கொண்டுவரும் வாய்க்கால் பல ஊரில் உண்டு. அந்தத் தண்ணீர் வரைபடத்தில் வராது. அதைத் தனியாகக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.

சமவெளி: இந்தத் தகவலில் சில மீட்டர் முன்பின் தவறு இருக்கும். மலையடிவாரத்தில் அது பெரிதில்லை. தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற தட்டையான நிலத்தில் வரப்பு உயரமே தண்ணீரின் திசையைத் தீர்மானிக்கிறது. அங்கே இந்த முறையில் வந்த கோட்டை நம்பக் கூடாது. அளவைக் கருவி வைத்து மட்டம் பார்ப்பதுதான் வழி.

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்கு

இந்தப் பகுதியை வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளையிடம் காட்டுங்கள். QGIS, GRASS இரண்டும் இலவச மென்பொருள். உயரத் தகவல் முதலில் பாகைக் கணக்கில் இருக்கும். அதை மீட்டர் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மதுரை, விழுப்புரம் பக்கத்துக்கு EPSG:32644, கோயம்புத்தூர் பக்கத்துக்கு EPSG:32643. பிறகு GRASS-இல் மூன்று கட்டளை.

```
g.region raster=dem
r.watershed -s elevation=dem threshold=50 accumulation=acc drainage=dir stream=streams
r.water.outlet input=dir output=basin coordinates=E,N
```

இரண்டாவது கட்டளை அம்பு, சேர்மானம், ஓடை மூன்றையும் தரும். -s என்பது, நாம் தாளில் செய்தது போல ஒரே பக்கம் தள்ளும் விதி. E,N என்ற இடத்தில் ஓடைக்கோட்டின் மேல் வைத்த புள்ளியின் கிழக்கு, வடக்கு எண்கள் வரும். acc-இல் எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால், தாளின் ஓரத்துக்கு வெளியேயிருந்தும் அந்தக் கட்டத்துக்குத் தண்ணீர் வரலாம் என்று பொருள். நம் புள்ளியில் கழித்தல் குறி வந்தால் தகவலை இன்னும் பெரிதாக எடுத்து மறுபடி செய்ய வேண்டும்.

நடந்து பார்த்துக் கையெழுத்திடுங்கள்

அந்த ஊரில் கடைசியாக ஒரு காரியம் செய்தோம். மழை பெய்த மறுநாள் காலை, மூன்று குழுவிலிருந்தும் இரண்டிரண்டு பேர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்தார்கள். மேட்டில் நின்று இரு பக்கமும் சேறும் சருகும் எந்தப் பக்கம் அடித்துப் போயிருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு இடத்தில் கோடு ஒரு வயல் அளவு தள்ளி இருந்தது. அதைப் பேனாவால் திருத்தினார்கள். சாலைக்குக் கிழக்கே உள்ளவர்கள் பெயர் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகுதான் தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு வரைபடம் வந்தால் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்:

1. தண்ணீர் வெளியேறும் புள்ளியை எந்த இடத்தில் வைத்தீர்கள்? அது ஓடைக்கோட்டின் மேல் இருக்கிறதா?
2. எத்தனை கட்டம் சேர்ந்தால் ஓடை என்று வைத்தீர்கள்? நாம் தாண்டும் ஓடைகள் எல்லாம் படத்தில் உண்டா?
3. எல்லை எங்காவது நேர்கோடாகப் போகிறதா? அங்கே சாலையோ சிறுபாலமோ இருக்கிறதா?
4. நம் வரத்து வாய்க்காலும் கலிங்கும் படத்தில் வந்திருக்கின்றனவா?

மேலே உள்ள 25 கட்டத்தை ஒரு தாளில் எழுதி, நீங்களே அம்பு போட்டுப் பாருங்கள். நடு வரிசையில் 9, 14, 20 என்று வந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள். வராவிட்டால் மூலைவாட்டு இறக்கத்தை 1.4-ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள். இன்னொரு முறை போடுங்கள்.